சனிக்கிழமை வகுப்புக்கு ஓர் அழைப்பு

டொராண்டோ, லண்டன், சிட்னி என்று எந்த ஊர்த் தமிழ் வகுப்பின் அழைப்பை எடுத்தாலும், பிள்ளைகள் வரிசையாக நிற்கும் ஒரு படமும், அதன் கீழே தாய்மொழியைக் காக்கச் சொல்லும் ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். பெற்றோரின் மனத்தில் இருக்கும் கேள்வியோ வேறு. "பிள்ளைக்கு நாங்கள் பேசுவது புரிகிறது, பதில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. இவனை எப்படித் தமிழ் வாசிக்க வைப்பீர்கள்?" படத்துக்குக் கீழே போடும் நான்கைந்து வரிகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"அன்புள்ள பெற்றோரே, தமிழ் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது என்ற நிலையில் உள்ள 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கான வாசிப்பு வகுப்பு இது. சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை. முதல் நாளே சில சொற்களைத் தாமாக வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் தடையில்லை. வீட்டில் தினமும் 10 நிமிடம் நீங்கள் உடன் உட்கார வேண்டும்."

முதல் நாளே வாசிப்பது சாத்தியமா? 247 எழுத்துகளையும் அட்டவணையாக மனப்பாடம் செய்த பிறகுதான் சொல்லுக்குப் போவது என்றால் சாத்தியமில்லை. எழுதவும் பார்க்கவும் எளிதான வடிவங்களிலிருந்து தொடங்கினால் முடியும். ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளும் ஒரு புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். ர சேர்ந்தால் மரம். அடுத்த வாரம் துணைக்கால் வந்ததும் மாமா, பாப்பா, பாடம், மாடம் எல்லாம் கைக்கு வந்துவிடும். இவற்றில் பல, பிள்ளையின் காதுக்கு ஏற்கெனவே பழகிய சொற்கள். எழுத்தைக் கூட்டி முடித்ததும், தான் சொன்னது சரியா என்று காதே சொல்லிவிடும். வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு உள்ள பெரிய வசதி இது. அழைப்பின் முதல் வரி அதனால்தான் எழுத்துக்கு முன்பே கேள்வியறிவைப் பற்றிப் பேசுகிறது.

தடுமாற்றங்கள் வரும். 'படம்' என்பதில் மெல்ல ஒலிக்கும் ட, 'பட்டம்' என்பதில் வலிந்து ஒலிப்பது ஆங்கிலத்தில் பழகிய பிள்ளைக்குப் புதிது. விதியாகச் சொல்லிப் புரியவைப்பதைவிட, இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னால் விரைவில் பிடிபடும். கொம்பு இதைவிடக் கடினம். எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ஒகர வரிசையில் துணைக்கால் வேறு மறுபக்கம் நிற்கும். அதைக் கவனிக்காத பிள்ளை 'கொடு' என்பதைக் 'கெடு' என்று வாசிக்கும். அந்த இடத்தில் புதிய எழுத்துகளை நிறுத்திவிட்டு, கொம்பு வரும் சொற்களை மட்டும் ஓரிரு வாரம் வாசிக்க வைப்பது நல்லது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை, படத்தைப் பார்த்தே பக்கம் முழுவதையும் ஒப்பித்துவிடும். வாசிக்கிறது என்று எல்லோரும் மகிழ்வார்கள். படத்தைக் கையால் மறைத்து, அதே சொற்களை வேறு வரிசையில் எழுதிக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

சொற்கள் வாக்கியமாகும்போது வீட்டுப் பேச்சும் புத்தகமும் பிரிகின்றன. புத்தகத்தில் 'வருகிறார்கள்' என்றிருப்பதைச் சென்னைக் குடும்பத்துப் பிள்ளை 'வர்றாங்க' என்றுதான் கேட்டிருக்கும். யாழ்ப்பாணக் குடும்பத்தில் அது 'வருகினம்'. டொராண்டோ போன்ற ஊரில் இருவரும் ஒரே வகுப்பில் இருப்பது இயல்பு. எழுதியபடி ஒருமுறை வாசித்துவிட்டு, "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?" என்று ஆசிரியர் கேட்டால், எந்தப் பிள்ளைக்கும் தன் வீட்டுப் பேச்சு தவறென்று தோன்றாது. "எங்கள் தமிழ் வேறு மாதிரி" என்று தயங்கும் பெற்றோருக்காக, இதையும் அழைப்பில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

சேர்க்கக் கூடாதது ஒன்று உண்டு: ஓராண்டில் சரளமாக வாசிப்பார்கள் என்ற வாக்குறுதி. வாரம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் மொத்தம் 60 மணி நேரம். தமிழ்நாட்டுப் பிள்ளையைப் போலக் கடைப் பலகையிலும் பேருந்திலும் எழுத்தைப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. வகுப்பில்லாத 6 நாளும் தலா 10 நிமிடம் வீட்டில் வாசித்தால் வாரத்துக்கு இன்னும் 1 மணி நேரம் கூடுகிறது. அந்தக் கடைசி வரியை வேண்டுகோளாக இல்லாமல் நிபந்தனையாகவே எழுதியிருப்பது இதற்காகத்தான்.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெற்றோர் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்களும் உடன் உட்காரலாம். "தண்ணீர் கெடு" என்று பிள்ளை வாசித்தால், புத்தகத்தைப் பார்க்காமலே தவறு காதில் விழும். "இன்னொரு தடவை பார்த்துச் சொல்லு கண்ணா" என்றால் போதும். திருத்தும் வேலையைப் பிள்ளையே செய்துகொள்ளும்.