பனியனில் உப்புப் பூத்தால் சாப்பாட்டில் உப்பைக் கூட்ட வேண்டுமா?

கோவையில் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத ஜிம்மில் ஒரு மணி நேரம் எடை தூக்கியவரின் கறுப்பு பனியன் காய்ந்ததும் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "உப்பெல்லாம் போயிருச்சுங்க, கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்கங்க" என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். வெயிலில் மணிக்கணக்காக ஓடுகிறவருக்கு அது சரியான யோசனையாக இருக்கலாம். ஆனால் பாக்கெட் உணவை அதிகம் சாப்பிடுகிறவருக்கு அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும் யோசனை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதை ஓர் எடை இயந்திரத்தையும் பாக்கெட்டின் பின்புற அட்டவணையையும் வைத்து வீட்டிலேயே கணக்கிடலாம்.

வெளியே போனது எவ்வளவு?

ஜிம்முக்குப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முடிந்ததும் வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 78 கிலோ, பின்பு 77.2 கிலோ, இடையில் குடித்த தண்ணீர் 400 மில்லி என்றால், குறைந்த 800 மில்லியோடு குடித்ததையும் சேர்த்து, வேர்வையாகப் போனது 1.2 லிட்டர். ஒரு லிட்டர் வேர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்கு சோடியம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். பனியனில் உப்புப் பூப்பவர்கள், வேர்வை பட்டால் கண் எரிபவர்கள் பெரும்பாலும் மேல் கணக்கில் வருவார்கள்.

சராசரிக் கணக்கில் நம் எடுத்துக்காட்டு இளைஞர் இழந்தது 1,200 மில்லிகிராம் சோடியம். அதாவது சுமார் 3 கிராம் உப்பு, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதல். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும்.

உள்ளே வந்தது எவ்வளவு?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம். இப்போது அதே இளைஞரின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் நான்கு துண்டு பிரெட், நூறு கிராம்: 450 மில்லிகிராம். மாலையில் பேக்கரி டீயோடு ஐம்பது கிராம் மிக்சர்: 400. ஜிம் முடிந்து புரோட்டீனுக்காக நூறு கிராம் சிக்கன் சாசேஜ்: 900. இரவில் இரண்டு பாக்கெட் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்: 1,680. இவை மட்டுமே 3,430. மதியச் சாப்பாட்டின் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளத்தில் இன்னொரு 2,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5,430. வேர்வையில் போன 1,200-ஐக் கழித்தாலும் மிச்சம் 4,230 மில்லிகிராம். நாள் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மீதி நிற்கும்போது, இதற்கு மேல் உப்பு சேர்க்கத் தேவையே இல்லை.

இதே புரோட்டீனை நாமக்கல் முட்டையிலிருந்து எடுத்தால் ஒரு முட்டைக்குச் சுமார் 70 மில்லிகிராம் சோடியம்தான். கடையில் வெட்டி வாங்கும் பிராய்லர் கறியில், உப்புப் போடும் முன், நூறு கிராமுக்கு நூறைத் தாண்டாது. அதே கோழி சாசேஜாகப் பாக்கெட்டுக்குள் போனால் பல மடங்காகிறது.

உடம்பில் தேங்கும் தண்ணீர்

மருத்துவமனையில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கும். நம் உடல் திரவத்தின் உப்படர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் சிறுநீரகம் வெளியேற்றும் வரை, கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மறுநாள் மோதிரம் இறுகுவதும், முகம் ஊதுவதும், எடை ஒரு கிலோ ஏறுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஆகவே பயந்து பட்டினி கிடக்க வேண்டாம். உப்பைக் குறைத்தால் சில நாளில் தானாக இறங்கிவிடும். தசை வரி தெரிவதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை போடுவதும் உயிருக்கே ஆபத்து. பொட்டாசியம் குலைந்து இதயத் துடிப்பு தடுமாறும்.

தினமும் உப்பு மிகுந்தால், சிறுநீரகம் அதை வெளியே தள்ள உடல் ரத்த அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும்போது ரத்தக் குழாய்களும் இறுகுகின்றன. இதற்கு வலி கிடையாது. கட்டுடலும் பாதுகாப்பு கிடையாது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பதிலும் ஜிம் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. புஜம் பெரிதாக இருப்பவருக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை கேளுங்கள். பயிற்சி, காபி, பிரீ ஒர்க்கவுட் பவுடர் எல்லாம் முடிந்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். போடும் வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். இரண்டும் தண்ணீரைத் தேக்கி அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

உப்பு உண்மையிலேயே குறையும்போது

வெயிலில் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடுகிறவர், மாரத்தான் பயிற்சி எடுப்பவர், பட்டறையில் நாள் முழுக்க அனலில் நின்றுவிட்டு ஜிம்முக்கும் போகிறவர் ஆகியோருக்கு உப்பு கலந்த மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ உதவும். இவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இப்படிக் குறைந்திருந்தது. ஓடிய பின் எடை குறையாமல் கூடியிருப்பது முக்கியமான அறிகுறி. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு மணி நேர ஜிம்முக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் மட்டும் சுமார் 1,700 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேட்டுப் பெற வேண்டியது

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி, பாக்கெட் உணவில் நூறு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட வேண்டும். அந்த எண்ணை மட்டும் நம்புங்கள். ஒரு தடவைக்கு என்று போட்டிருக்கும் சதவீதம் ஏமாற்றும். 150 கிராம் மிக்சரில் ஒரு தடவைக்கு 30 கிராம் என்று கணக்கிட்டிருந்தால், முழுப் பாக்கெட்டையும் காலி செய்பவர் ஐந்தால் பெருக்க வேண்டும்.

லேபிளைத் தட்டிக் கேட்டால் பலன் உண்டு. சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்பதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் அதைத் தடை செய்தது. புரோட்டீன் பவுடரோ நொறுக்குத் தீனியோ, சோடியம் அளவும் 14 இலக்க உரிம எண்ணும் இல்லாமல் விற்றால், லேபிளைப் படம் எடுத்து பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். நஷ்டமோ பாதிப்போ ஏற்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை.

உப்பைக் குறைக்க சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன் போன்ற அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. மற்றவர்களுக்கும் முதல் வேலை உப்பை மாற்றுவதல்ல. இரவு நூடுல்ஸையும் சாசேஜையும் முட்டை, கறி, பருப்புக்கு மாற்றினால், நம் எடுத்துக்காட்டு இளைஞரின் கணக்கில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் ஒரே நாளில் இறங்கிவிடும்.