வேலைக்குத் திரும்புகிறவரிடம் எதைக் கேட்கலாம்?

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு குடோன் தொழிலாளி, 3 வாரம் கழித்து வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் டாக்டரின் லெட்டர்பேட் தாள். ‘பூரண குணமடைந்துவிட்டார், பணியில் சேரலாம்’ என்று ஒரே வரி. சூப்பர்வைசர் அதை ஃபைலில் வைத்துவிட்டு, வழக்கம்போல 50 கிலோ மூட்டை இறக்கும் இடத்துக்கே அவரை அனுப்புகிறார். வெளித்தையல் ஆறியிருக்கும். உள்ளே தசை இறுக இன்னும் நாள் பிடிக்கும். 4 முதல் 6 வாரம் வரையாவது பாரம் தூக்காதீர்கள் என்றுதான் சர்ஜன்கள் பலரும் சொல்வார்கள்.

இதில் டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. “என்ன வேலை?” என்று அவர் கேட்டிருப்பார், “கம்பெனி வேலைங்க” என்று இவர் சொல்லியிருப்பார். மூட்டை தூக்குகிறவரா, கணக்கு எழுதுகிறவரா என்று தெரியாமல் எழுதும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டால் யாருக்கும் பயனில்லை. அதே டாக்டர் இப்படி எழுதியிருக்கலாம்: ‘இன்ன தேதியில் இவரைப் பரிசோதித்தேன். இன்ன தேதி முதல் வேலைக்கு வரலாம். அடுத்த 4 வாரத்துக்குப் பாரம் தூக்கும் வேலை கூடாது. நின்றும் உட்கார்ந்தும் செய்யும் வேலைகள் செய்யலாம். அதன்பின் மறுபரிசோதனை.’ வேலை கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இதில் நோயின் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பல கம்பெனிகளில் ஹெச்.ஆர். பிரிவு முதலில் கேட்பது டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். ஆபரேஷன் விவரத்தோடு சர்க்கரை அளவு, எப்போதோ வந்த காசநோய், தூக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். நாலு மேஜை தாண்டி அந்த ஜெராக்ஸ் போவதற்குள் ஆபீஸ் முழுக்கச் செய்தி பரவிவிடும். என் கணக்கில் இது அத்துமீறல்தான். மத்திய அரசின் விடுப்பு விதிகளையே பாருங்கள். மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுத்தவர், படிவம் 5-இல் தகுதிச் சான்று தராமல் பணிக்குத் திரும்ப முடியாது. அவ்வளவு கண்டிப்பான அந்தப் படிவத்திலும் நோயை எழுத இடம் கிடையாது. விடுப்புக்குக் கொடுத்த பழைய சான்றைப் பார்த்தேன், இவரைப் பரிசோதித்தேன், குணமாகிவிட்டார், பணிக்குத் தகுதியானவர் என்று டாக்டர் கையெழுத்திடுவதோடு சரி. விடுப்பு கேட்கும்போது தரும் சான்றில் நோய் இன்னதென்று எழுதும் வழக்கம் உண்டு. திரும்பி வரும்போது அதைத் தோண்டத் தேவையில்லை.

போலிச் சான்று வருமே என்று முதலாளி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, சான்றில் டாக்டரின் பதிவு எண் வேண்டும். நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ, ஓர் அங்க அடையாளமோடு இருக்க வேண்டும். கொடுத்த சான்றுகளுக்கு டாக்டர் தனிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். ஆகவே ‘இதை நீங்கள்தான் கொடுத்தீர்களா?’ என்று கிளினிக்கில் கேட்கலாம். ‘இவருக்கு என்ன நோய்?’ என்று கேட்டால், நோயாளியின் சம்மதம் இல்லாமல் டாக்டர் சொல்லக் கூடாது. அதே விதிகள் தடுக்கின்றன. தேதிகளையும் பார்க்கலாம். பரிசோதித்த நாளுக்கு முந்தைய தேதியிலிருந்தே ‘ஃபிட்’ என்றிருந்தால் விளக்கம் கேட்பது சரியே. அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? கம்பெனி தன் செலவில் வேறு டாக்டரிடம் அனுப்பட்டும். அவரிடமிருந்தும் வர வேண்டியது ‘இந்த வேலையைச் செய்யலாமா, கூடாதா’ என்ற பதில்தான். இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு அங்குள்ள டாக்டரே வேலைக்குத் திரும்பலாம் என்று இறுதிச் சான்று தருகிறார். அதற்குமேல் தனியார் டாக்டரிடமும் ஒன்று வாங்கி வா என்பது வீண் அலைச்சல்.

சில வேலைகளில் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான். வலிப்பு வந்த டிரைவர், டைபாய்டு வந்த சமையல்காரர் போன்றவர்களால் மற்றவர்களுக்கும் ஆபத்து வரலாம். அப்போதும் கேள்வி வண்டி ஓட்டலாமா, உணவைத் தொடலாமா என்ற அளவில் நிற்க வேண்டும். எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டமே கோடு கிழித்துவிட்டது. வேலை தருவதற்கோ வேலையில் தொடர்வதற்கோ அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்.

அடுத்த முறை ஃபிட்னஸ் வாங்கப் போகும்போது, நீங்கள் செய்யும் வேலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், நைட் ஷிப்ட் உண்டா, எந்த மெஷினில் நிற்கிறீர்கள் என்று. டாக்டர் தரும் கடிதத்தை ஆபீஸில் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.