உங்களுக்குத் தெரியுமா?
சாய்ந்த காவிகளைச் செங்குத்தாக்கும் கழித்தல்

ஒன்றையொன்று சாராத காவிகளை, அதாவது பருமனும் திசையும் உடைய கணியங்களை, ஒன்றுக்கொன்று செங்குத்தான அலகு நீளக் காவிகளாக மாற்றும் முறை கிராம், சிமிட் ஆகியோரின் பெயரால் வழங்குகிறது.

(3, 4), (2, 11) என்னும் இரு காவிகளில் முதலாவதன் நீளம் 5 ஆதலால், அதனை 5 ஆல் வகுத்து (0.6, 0.8) என்னும் முதல் அலகுக் காவி பெறப்படுகிறது. இரண்டாவதற்கும் இதற்குமான குற்றுப்பெருக்கம், அதாவது ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டிய தொகை, 1.2 + 8.8 = 10 ஆகும்; எனவே முதல் திசையில் இரண்டாவதன் நிழலாகிய எறியம் (6, 8) ஆகிறது. அதனைக் கழித்தால் எஞ்சும் (−4, 3) இன் நீளமும் 5 ஆதலால், (−0.8, 0.6) இரண்டாவது அலகுக் காவியாகிறது. மூன்றாவது காவி இருப்பின், அதிலிருந்து இவ்விரு திசைகளின் எறியங்களும் கழிக்கப்படும்.

1937 இல் புள்ளியியலாளர்களான மகலனோபிஸ், ஆர். சி. போஸ், எஸ். என். ராய் ஆகியோர் ‘சங்க்யா’ என்னும் புள்ளியியல் இதழில், ஒன்றோடொன்று தொடர்புற்ற அளவீடுகளை ஆராயச் செங்கோண ஆயங்களைப் பயன்படுத்தியதும் இத்தகைய மாற்றத்தின் வழியேயாகும்.

காவிகள் ஏறத்தாழ ஒரே திசையில் அமைந்தால், கழித்தபின் எஞ்சுவது மிகச் சிறிதாகி, கணினியின் முழுதாக்கல் வழு அதனைச் சிதைத்துவிடும். விடைக் காவிகளின் குற்றுப்பெருக்கம் பூச்சியத்திலிருந்து விலகுவதே அதற்கு அடையாளம்; எறியங்களை மீண்டும் ஒருமுறை கழிப்பது பெரும்பாலும் அதனைச் சீராக்கும்.