31-ஆம் தேதி வாங்கிய கடனுக்கு அடுத்த தவணை எப்போது?

2025 ஜனவரி 31 அன்று ஒருவருக்குக் கடன் கொடுக்கப்படுகிறது. மாதத் தவணை. பிப்ரவரியில் 31 கிடையாது. அப்படியென்றால் முதல் தவணை எந்தத் தேதியில்? எக்செலில் கணக்கு வைப்பவர்கள் பலர் 30 நாளைக் கூட்டிவிடுகிறார்கள். விடை மார்ச் 2. பிப்ரவரியில் தவணையே இல்லாமல் போகிறது. இன்னும் சிலர் DATE ஃபார்முலாவில் மாதத்தோடு ஒன்றைக் கூட்டுகிறார்கள். எக்செல் 'பிப்ரவரி 31' என்பதை மூன்று நாள் தள்ளி மார்ச் 3 என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கென்றே இருப்பது EDATE. தொடக்கத் தேதியையும் எத்தனை மாதம் என்பதையும் கொடுத்தால், அத்தனை மாதம் கழித்து வரும் அதே தேதியைத் தரும். அந்தத் தேதி அந்த மாதத்தில் இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிடும். ஆக, இந்தக் கடனின் முதல் தவணை பிப்ரவரி 28.

இது மென்பொருள்காரர்கள் தம் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம் அல்ல. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 23-ஆம் பிரிவில் இதையேதான் சொல்கிறது: இணையான தேதி இல்லாத மாதம் என்றால் தவணைக்காலம் அந்த மாதத்தின் கடைசி நாளில் முடியும். 1878 ஆகஸ்ட் 31 தேதியிட்டு, மூன்று மாதத்தில் பணம் தர வேண்டிய ஆவணத்தை அந்தச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. மூன்று மாதம் நவம்பர் 30-இல் முடிகிறது. சலுகை நாள் மூன்றைச் சேர்த்தால் டிசம்பர் 3. எக்செலின் நாள்காட்டி 1900-இல்தான் தொடங்குகிறது என்பதால் அந்த 1878 தேதியை அதில் போட்டுப் பார்க்க முடியாது. 2025 ஆகஸ்ட் 31 என்று போட்டால் அதே நவம்பர் 30 வரும்.

பிசகு பெரும்பாலும் இரண்டாவது தவணையில்தான் தொடங்குகிறது. முதல் தவணைத் தேதியிலிருந்து அடுத்ததை, அதிலிருந்து அதற்கடுத்ததை என்று ஃபார்முலாவைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28 என்று வரும். ஒருமுறை 28-க்கு இறங்கிய தேதி திரும்ப 31-க்கு ஏறாது. முந்தைய செல்லில் இருப்பது 28 மட்டுமே. கடன் 31-ஆம் தேதி கொடுக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. மார்ச் 31 அன்று சரியாகப் பணம் கட்ட வந்தவர் மூன்று நாள் தாமதம் என்று ஏட்டில் பதிவாகி, அபராதமும் கட்ட நேரலாம். கடன் தேதி A2-இலும், தவணை எண்கள் 1, 2, 3 என்று B நெடுவரிசையிலும் இருந்தால், ஒவ்வொரு தவணையையும் கடன் தேதியிலிருந்தே எண்ண வேண்டும்:

```
=EDATE($A$2,B2)
```

இப்போது பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31 என்று ஒழுங்காக வரும். டாலர் குறிகள் A2-ஐ அசையாமல் பிடித்துவைக்கின்றன.

இதுவும் போதாத இடம் ஒன்று உண்டு. கடன் பிப்ரவரி 28 அன்று கொடுக்கப்பட்டு, ஒப்பந்தத்தில் 'மாதக் கடைசி நாள்' என்று எழுதியிருந்தால் EDATE மார்ச் 28 என்றுதான் சொல்லும். அங்கே EOMONTH வேண்டும். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அது மாதத்தின் கடைசி நாளைத்தான் தரும்: 0 போட்டால் அதே மாதம், 1 போட்டால் அடுத்த மாதம். 'அதே தேதி'யா, 'மாதக் கடைசி'யா என்பதை எக்செல் ஊகிக்காது. பத்திரத்தைப் படித்துத்தான் ஃபார்முலாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

'அடுத்த மாதம் இத்தனாம் தேதிக்குள்' என்ற கெடுக்களுக்கும் EOMONTH கைகொடுக்கிறது. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் வணிகருக்குப் பொதுவான கெடு அடுத்த மாதம் 20. பில் தேதி A2-இல் இருந்தால்:

```
=EOMONTH(A2,0)+20
```

பில் 1-ஆம் தேதி போட்டதாக இருந்தாலும் 31-ஆம் தேதி போட்டதாக இருந்தாலும் விடை ஒன்றுதான். அரசு கெடுவை நீட்டித்தால் அது ஃபார்முலாவுக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது.

விடை 45716 என்று வந்தால் பதற வேண்டாம். 2025 பிப்ரவரி 28-க்கு எக்செல் உள்ளுக்குள் வைத்திருக்கும் எண் அது. செல்லின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 31/01/2025 வெறும் எழுத்தாகவே நின்று செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், EDATE-உம் #VALUE! என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 05/02/2025 எந்தச் சத்தமும் இல்லாமல் மே 2 ஆகிவிடும். ஆகவே தவணை அட்டவணை போடும் முன், தேதி நெடுவரிசையை மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி dd-mmm-yyyy வடிவத்துக்கு மாற்றி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட வேண்டும்.