கட்டட மேடைக்கு அடியில் போகும் மண்

தரைமட்டத்தை உயர்த்தி மேடை அமைத்து அதன்மேல் கட்டடம் எழுப்பும்போது, கொட்டப்படும் மண் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்த ஆவணம் மூன்று நிபந்தனைகள் சொல்லும்: துகள் அளவு, ஈரம், அடர்த்தி.

மண் பெருந்துகளும் சிறுதுகளும் கலந்ததாக இருக்க வேண்டும். கல்லின் இடைவெளியை மணலும், மணலின் இடைவெளியை நுண்மண்ணும் நிரப்பினால்தான் நிரப்பு இறுகும். வழக்கமாக 75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் கூடாது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்மண்ணுக்கும் உச்சவரம்பு உண்டு. கிராவல் இதற்குப் பொருந்தும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண் ஆகாது.

ஈரத்தின் அளவை ஆய்வுக்கூடம் சொல்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படியான எளிய சோதனையில், 2.6 கிலோ சம்மட்டியை 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, அச்சில் மூன்று அடுக்காக, அடுக்குக்கு 25 அடி வீதம் மண் இடிக்கப்படுகிறது. ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உலர் அடர்த்தி ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த உச்சத்துக்குரிய ஈரமே உகந்த ஈரம். களத்தில் அதற்கு 2 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது பரவலான வரம்பு. அந்த ஈரத்தில் உள்ள மண்ணைக் கைப்பிடியாக அழுத்தினால் உருண்டை நிற்கும். விரலால் நெருக்கினால் இரண்டு மூன்று துண்டாக உடையும். ஈரம் மிஞ்சினால் ரோலர் ஏறும்போது மண் மெத்தைபோல அமுங்கி எழும்.

அடர்த்திக்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது ஆய்வுக்கூட உச்சத்தில் 95 சதவீதம். சரிபார்க்க, இறுக்கிய அடுக்கில் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோட்டு, எடை தெரிந்த மணலால் குழியை நிரப்பிக் கன அளவு காண்பார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். உச்ச உலர் அடர்த்தி 1.95, உகந்த ஈரம் 11 சதவீதம். குழியின் அளவு 1,500 கன சென்டிமீட்டர், எடுத்த மண் 3,150 கிராம். ஆக ஈர அடர்த்தி 2.10. மண்ணின் ஈரம் 10 சதவீதமானால் உலர் அடர்த்தி 1.91, அதாவது 98 சதவீதம், தேறியது. ஈரம் 15 சதவீதமானால் அதே எடைக்கு உலர் அடர்த்தி 1.83 மட்டுமே. அது 94 சதவீதம்கூட இல்லை, தேறாது. தண்ணீரின் எடையைக் கழிக்காமல் அடர்த்தியைச் சொல்வதில் பொருளில்லை.

சோதனை அடுக்குக்கு அடுக்கு நடக்க வேண்டும். ரோலரின் அழுத்தம் ஆழம் போகப் போகக் குறைவதால், தளர்வாக 20 சென்டிமீட்டர் அளவுக்கே பரப்பி இறுக்குவது வழக்கம். ஒரு மீட்டர் மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால், மேற்பரப்பில் எடுத்த குழி தேறிவிடும். அடிமண் தளர்ந்தே கிடக்கும். காய்ந்த கட்டிகளாக இறுக்கிய மண்ணும் அப்படித்தான். முதல் மழைநீர் உள்ளே இறங்கியதும் கட்டிகள் குழைந்து, இடைவெளிகள் மூடி, தரை தாழும். தளம் போட்ட பிறகு அந்த மண்ணைத் திருத்த வேண்டுமானால் தளத்தைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்குக்கும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அடுத்த அடுக்குக்கு அனுமதி கொடுங்கள்.