உடை மாறினாலும் ஆள் மாறாமல்

டிஃப்யூஷன் வகைக் கருவியில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து உடையை மட்டும் மாற்றச் சொன்னால், உடை அழகாகவே மாறும். ஆனால் படத்தில் நிற்பவர் வேறொருவராகிவிடுவார். மூக்கு சற்றுக் கூர்மையாகும், கன்னத்து மச்சம் மறையும், தோள் ஒடுங்கும். தங்கை என்று சொல்லலாம், அவரேதான் என்று சொல்ல முடியாது. இதைத் தடுக்கத்தான் ரெஃபரன்ஸ் படம் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஆனால் அந்தப் படம் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரியாமல் பயன்படுத்தினால் பலன் கிடைப்பதில்லை.

முகம் ஏன் மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்தின் எஸ்டிஎக்ஸ்எல் மாடல் புகைப்படத்தை அப்படியே கையாளுவதில்லை. முதலில் அதைச் சுருக்கிக்கொள்கிறது. நீளத்தில் எட்டு, அகலத்தில் எட்டு பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரே கட்டமாகி, அதில் இருந்த 192 எண்கள் நான்கு எண்களாகின்றன. வரைதல் எல்லாம் இந்தச் சுருக்கத்தின்மேல் நடக்கிறது. கடைசியில்தான் அது மீண்டும் படமாக விரிகிறது. ஆள் முழுதாக நிற்கும் படத்தில் முகத்தின் அகலம் 128 பிக்சல் என்றால், மாடலுக்கு அது வெறும் 16 கட்டம். ஐந்து பிக்சல் அகல மச்சம் ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். எதையுமே வரையாமல் சுருக்கி விரித்தால்கூட இத்தகைய நுணுக்கங்கள் கொஞ்சம் கலங்கும்.

ரெஃபரன்ஸ் படம் இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். 2023-இல் டென்சென்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஐபி-அடாப்டர் இந்த வேலைக்கு மிகவும் பழக்கமான கருவி. எழுத்தில் தரும் விவரணையோடு ஒரு படத்தையும் குறிப்பாக ஏற்று, இரண்டையும் தனித்தனிப் பாதையில் மாடலுக்குள் அனுப்புகிறது. அடிப்படை வகையில், கொடுத்த படம் 224 பிக்சல் சதுரமாகக் குறுகி, நான்கு சொற்களுக்கு ஈடான குறிப்பாகச் சுருங்குகிறது. நிறம், துணியின் தன்மை, பொதுவான தோற்றம் ஆகியவற்றுக்கு இது போதும். முகத்துக்குப் போதாது. முகத்துக்கென வந்த ஃபேஸ்ஐடி வகை, ஆளை அடையாளம் காணும் மென்பொருள் தரும் 512 எண்களை எடுத்துக்கொள்கிறது. இது மேலானதுதான். ஆனால் அந்த மென்பொருள், கண்ணாடி போட்டாலும் வெளிச்சம் மாறினாலும் அதே ஆளைக் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்டது. அதனால் மச்சத்தையும் தழும்பையும் அது பெரிதாகக் கணக்கில் வைப்பதில்லை. இரண்டுமே தருவது சாயல்தான்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வதே சரியான வழி. மாறக்கூடாத இடத்துக்கு மூலப் படத்தின் பிக்சல்களையே வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வரைந்தே ஆக வேண்டிய இடத்துக்கு மட்டும் ரெஃபரன்ஸைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பருத்திச் சுடிதாரில் நிற்கும் ஒரு பெண். நீலத் துணி, முழுக்கை, இடத்தோளின்மேல் முன்பக்கமாக விழும் பின்னல். படத்தின் அளவு 1024க்கு 1536. அவர் சம்மதத்தோடு, இதில் அரக்கு நிறப் பட்டுச் சேலை உடுத்திய தோற்றம் வேண்டும்.

முதல் வேலை மாஸ்க். எந்தப் பகுதியை மாடல் திருப்பி வரையலாம் என்று வெள்ளையால் பூசிக் காட்டுவது. சுடிதாரின் ஓரத்தை ஒட்டியே கவனமாகப் பூசுவது இயல்பாகத் தோன்றும், ஆனால் அது தவறு. அப்படிச் செய்தால் சேலை சுடிதாரின் வடிவத்துக்குள் திணிக்கப்படும். கொசுவம் விரிய இடமிருக்காது, முந்தானை முழங்கைக்கு அருகே வெட்டுப்பட்டு நிற்கும். மாஸ்க் பழைய உடையின் வடிவத்தில் அல்ல, வரப்போகும் உடையின் வடிவத்தில் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே இருபுறமும் தாராளமாக விட்டு, முந்தானை தொங்கும் பக்கத்தையும் சேர்த்துப் பூச வேண்டும். முகம், கழுத்தின் மேற்பகுதி, விரல்கள், பின்னல் ஆகியவற்றை வெளியே விட வேண்டும். பின்னலின் ஓரத்தில் மட்டும் சில பிக்சல் அளவுக்கு மாஸ்க்கை மென்மையாக்கினால் முடியும் துணியும் சேருமிடம் வெட்டியது போலத் தெரியாது.

அடுத்தது `Denoising strength`. பழைய படத்தை எவ்வளவு கலைத்துவிட்டு வரைய வேண்டும் என்பதை இது சொல்கிறது. 0.5-இல் வைத்தால் அரக்குச் சேலையில் சுடிதாரின் நீலமும் மடிப்புகளும் எட்டிப் பார்க்கும். உடையின் வகையே மாறும்போது 0.9-க்கு மேல் வைக்கலாம். முகம் மாஸ்க்குக்கு வெளியே இருப்பதால் பயமில்லை.

சேலைக்கான ரெஃபரன்ஸ் படத்தில்தான் பெரும்பாலும் பிசகுகிறது. வேறொரு மாடல் அழகி உடுத்தி நிற்கும் படத்தைக் கொடுத்தால், சேலையோடு அவளுடைய உடல்வாகும் நிறமும் சேர்ந்து வந்துவிடும். மேலும், நெட்டையான படத்தைக் கருவி நடுவில் சதுரமாக வெட்டிக்கொள்ளும்போது கீழ்க்கரை போய்விடலாம். துணியை மட்டும், கரையும் உடலும் தெரியும்படி மடித்து வைத்து, சதுரமாக எடுத்த படமே நல்லது. அதன் வலிமையை 0.6 அளவில் தொடங்கலாம். மிகவும் ஏற்றினால் மடித்த துணி மடித்தபடியே மேலே ஒட்டியது போல வரும். குறைத்தால் ஏதோ ஒரு சிவப்புச் சேலை வரும். ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் கரையில் உள்ள ஒரு குறிப்பிட்ட நெசவு வேலைப்பாடு அச்சாக வராது. விற்பனைக்கு இருக்கும் உண்மையான சேலையைக் காட்டும் படத்துக்கு இந்த முறை ஏற்றதல்ல.

முகத்தைக் காத்துவிட்டால் ஆளைக் காத்துவிட்டோம் என்று நினைப்பதும் பிழை. தெரிந்தவர்கள் ஒருவரைத் தோளின் அகலத்தாலும் நிற்கும் விதத்தாலும்கூட அடையாளம் காண்கிறார்கள். தோளும் இடுப்பும் மாஸ்க்குக்குள் இருப்பதால் மாடல் தனக்குப் பழக்கமான ஒல்லி உடம்பை வரைந்துவிடும். கன்ட்ரோல்நெட்டின் எலும்புக்கூட்டு வகை மூட்டுகளின் இடத்தைக் காக்கும், பருமனைக் காக்காது. ஆழப்படம் பருமனையும் காக்கும்; ஆனால் அதில் சுடிதாரின் வடிவமும் சேர்ந்திருக்கும். அதனால் ஆழப்படத்தை வரைதலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் பயன்படுத்தி விட்டுவிடுவது நல்லது. உடலின் அளவு அதற்குள் நிலைபெற்றுவிடும், மடிப்புகள் பின்னர் தங்கள் போக்கில் விழும்.

படம் வந்ததும், மாஸ்க்குக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் மூலப் படத்திலிருந்து எடுத்து மேலே வைக்க வேண்டும். சுருக்கி விரித்ததில் முகம் கலங்கியிருக்கும் என்பதால் இந்தப் படியை விடக்கூடாது. பைத்தானில் டிஃப்யூசர்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கு இது ஒரே வரி:

```python
final = pipe.image_processor.apply_overlay(mask, original, result)
```

சரிபார்க்க, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலதை மறைத்தும் காட்டியும் பார்க்க வேண்டும். முகம் துளியும் அசையக்கூடாது. பிறகு 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கழுத்தைப் பார்க்க வேண்டும். மேல்கழுத்து மூலப் படத்தினுடையது, கீழ்க்கழுத்து மாடல் வரைந்தது. நிறம் வேறுபட்டால் அந்த இணைப்புக் கோட்டில்தான் தெரியும். ஒளி வரும் திசையையும் அங்கேயே பார்க்கலாம்: தாடையின் நிழல் வலப்புறம் விழ, ரவிக்கையின் நிழல் இடப்புறம் விழுந்தால் தலை ஒட்டவைத்தது போலிருக்கும். அப்போது விவரணையில் ஒளியின் திசையைச் சொல்லி மீண்டும் வரையச் செய்ய வேண்டும்.

கடைசியாக எஞ்சுவது கை. சுடிதாரின் முழுக்கை மறைத்திருந்த மேற்கை இப்போது ரவிக்கைக்குக் கீழே வெளியே வருகிறது. மூலப் படத்தில் அது இல்லவே இல்லை. நம்மில் பலருக்கு அங்கே சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு உண்டு. மாடல் வழுவழுப்பான கையை வரைந்துவிடும். இதை எந்த அளவைக் கூட்டிக் குறைத்தும் வரவழைக்க முடியாது. அதே ஆள் அரைக்கையில் இருக்கும் இன்னொரு புகைப்படம் கிடைத்தால், தழும்புள்ள பகுதியை வெட்டி எடுத்து உரிய இடத்தில் வைத்து, அந்த இடத்தில் மட்டும் 0.3 அளவில் ஒருமுறை வரையச் செய்தால் தோலோடு சேர்ந்துகொள்ளும்.