மாஸ்டர் பேச்சு பலகைக்கு வரும் வழி

மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு சமையற்கட்டில் எல்லோரும் ஐந்தாறு நிமிடம் நின்று பேசுவார்கள். மாஸ்டர் சொல்லச் சொல்ல ஸ்டோர்காரர் குறுக்கிடுவார், கேப்டன்கள் கேட்டுக்கொள்வார்கள். ஓர் அசைவ ஹோட்டலில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, அந்தப் பேச்சைச் செல்போனில் பதிவுசெய்து பலகையில் எழுதிவைப்பது என் வேலை. பேசி முடிக்கும்வரை எக்ஸாஸ்டை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அது ஓடிக்கொண்டிருந்தால் ‘முப்பது’ எது, ‘நாப்பது’ எது என்று பதிவில் பிரிக்க முடியாது.

ஒரு நாள் மாஸ்டர், “வஞ்சிரம் எட்டு கிலோ வந்திருக்கு, வறுவல் போட்டுடலாம்” என்றார். எட்டு கிலோ என்று எழுதினால் ஆர்டர் எடுப்பவருக்கு அதில் பயனில்லை. தலை, வால், குடல் போக ஐந்து கிலோ தேறியது. துண்டுக்கு 125 கிராம் என்றால் 40 துண்டு. ஆனால் இரண்டு நிமிடம் கழித்து, வேறேதோ பேச்சுக்கு நடுவில், “ராத்திரி பார்ட்டிக்குப் பத்து துண்டு எடுத்து வச்சிடுங்கப்பா” என்கிறார். ஆக, மதியத்துக்கு 30தான். இதனால்தான் முழுப் பதிவையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகே எழுதத் தொடங்குவேன். முதலில் சொன்னதைப் பின்னால் மாற்றாத மாஸ்டரை நான் பார்த்ததில்லை.

தட்டுப்பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். அன்றைக்குத் தேங்காய் 40 கேட்டு 25தான் வந்திருந்தது. “சட்னிக்குப் போதும், குருமாவுக்கு முந்திரி சேர்த்து அரைச்சுக்கலாம்” என்று முடித்துவிட்டார் மாஸ்டர். பலகையில் ‘தேங்காய் குறைவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் குருமா கேட்டால் கேப்டன் எச்சரிக்க வேண்டுமே! அதனால் ‘குருமாவில் இன்று முந்திரி உண்டு’ என்று சிவப்பில் எழுதினேன்.

வேலைப் பங்கீட்டில்தான் பதிவு கைவிடும். “தம்பி, நீ அதப் பாத்துக்கோ” என்று குரல் மட்டும் கேட்கிறது. எங்கள் அடுப்படியில் தம்பிகள் மூன்று பேர். மாஸ்டர் யாரைப் பார்த்துச் சொன்னார், எந்தப் பாத்திரத்தைக் காட்டினார், அவன் தலையாட்டினானா என்பதெல்லாம் செல்போனுக்குத் தெரியாது. ஆள் பெயர், வேலை, முடிக்கவேண்டிய நேரம் மூன்றும் தெரியாத வரிக்கு முன் கேள்விக்குறி போட்டுவைப்பேன். ஊகித்து ஒரு பெயரை எழுதினால், உண்மையில் சொல்லப்பட்டவன் பலகையைப் பார்த்துவிட்டு அது தன் வேலையில்லை என்று இருந்துவிடுவான்.

எழுதி முடித்ததும் பலகையைச் சமையற்கட்டு வாசலில் வைத்து உரக்கப் படிப்பேன். அன்றைக்கு ‘மீன் வெட்டுவது: ?’ என்று படித்ததும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் “நான்தாண்ணே” என்றார்கள். இஞ்சி பூண்டு விழுது அரைக்க யாருமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மணி 11.40.